தளம் போட்ட நாளில் என் நல வாரிய அட்டை

எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடும் பழக்கம் எனக்கு. வடை மடித்துத் தரும் காகிதத்தைக்கூட எண்ணெய் வழியத் திருப்பிப் படிப்பேன். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். படிப்பு நின்றதே ஒழிய, படிக்கிற கிறுக்கு நிற்கவில்லை. சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் சிமெண்ட் மூட்டையில் அச்சடித்திருப்பதை ஒரு வரி விடாமல் படித்தவள் நான். அதனால்தான் அந்த வியாழக்கிழமை சாயங்காலம், சிமெண்ட் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் முன்னால் நின்றுவிட்டேன். கூட வந்த அக்கா, "பஸ்சு போயிரும் ஆத்தா, அது என்னா சினிமா போஸ்டரா?" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நோட்டீஸ் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தைப் பற்றியது. பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள் பதிந்துகொள்ளலாம். வருஷத்தில் தொண்ணூறு நாளாவது கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும். பதிவதற்கும் புதுப்பிப்பதற்கும் தொழிலாளி காசு கட்ட வேண்டியதில்லை, கட்டடம் கட்டுகிறவர்கள் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று செலுத்துவதுதான் வாரியத்தின் நிதி. பிள்ளைகள் இரண்டு பேர் வரைக்கும் படிப்பு உதவித்தொகை உண்டு. எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். என் மகள் பத்தாவது படித்தபோதும் பன்னிரண்டாவது படித்தபோதும் காகிதத்தில் மனு எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் கடைசி வரி ஒன்று இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பதிவு நடப்பில் இருந்தால்தான் உதவித்தொகைக்கு மனுப் போட முடியும்.

வீட்டுக்குப் போனதும் கைகூடக் கழுவாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு அட்டை முடிகிறது. நடுவில் இருப்பது வெள்ளியும் சனியும் மட்டும்.

மகள் அப்போது பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்திருந்தாள். சிவில் படிப்பு. அந்த வருஷத்து உதவித்தொகையை நம்பித்தான் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு மாதம் தவணை கேட்டிருந்தோம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கட்டட வாரியத்தில் அவருக்கு இடம் கிடையாது. என் அட்டை ஒன்றுதான் ஆதாரம். அது காலாவதியானால் திரும்பப் பதிய வேண்டும், சரிபார்ப்பார்கள், ஒப்புதல் வர வேண்டும். அதற்குள் கல்லூரிக்காரன் கேட்டை மூடிவிடுவான். மிஞ்சினால் என் காதில் கிடக்கும் தோடு. அதுவும் ஏற்கெனவே ஒருமுறை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தது, வழி தெரிந்த தோடு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வீடு கட்டும் சாரிடம் பணிச் சான்றில் கையெழுத்து வாங்கினேன். நார்த்தாமலைக்குப் பக்கத்தில், மலை தெரிகிற மாதிரி அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலையில் இருப்பவர், அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதையும் படித்தார். "ப்ளான் அப்ரூவலுக்குப் போனப்ப வாரியத்துக்குன்னு தனியா ஒரு தொகை கட்டச் சொன்னாங்கம்மா. எதுக்குடான்னு திட்டிக்கிட்டே கட்டுனேன். ஒங்களுக்குத்தானா அது?" என்றார். "எங்களுக்குத்தான் சார், திட்டாம கட்டிருக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் புதுக்கோட்டையில் இ-சேவை மையத்துக்கு நானும் மகளும் போனோம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, சான்று எல்லாம் ஒரு மஞ்சப்பையில். மையத்துத் தம்பி பதிவு எண்ணைத் தட்டினான். "ஓ.டி.பி. போயிருக்கு, சொல்லுங்க" என்றான். நான் என் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "கடைசி நம்பரு இது" என்று திரையில் தெரிந்த எண்களைச் சொன்னான். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் மேஸ்திரியின் நம்பர்.

இந்தக் கூத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. மேஸ்திரி பெரிய மனசோடு, "எல்லாத்துக்கும் எந் நம்பரையே போடு, நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டார். அப்போதும் அதற்கப்புறமும் பதிந்த பதினாலு பேர் அட்டைக்கும் ஒரே நம்பர். வாரியத்திலிருந்து என்ன செய்தி வந்தாலும் அவர் போனுக்குத்தான் போகும். அவரோ வருவதெல்லாம் லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நம்பரை மாற்ற வேண்டுமானால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அது திங்கட்கிழமைக்கு மேல் ஆகும் என்றான் தம்பி. மேஸ்திரிக்குப் போன் போடலாம் என்று எடுத்தால், மையத்தில் சர்வர் படுத்துவிட்டது. "காலைல வாங்கக்கா, ஞாயித்துக்கெழம கடை லீவு" என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை எங்களுக்குக் கான்கிரீட். அதாவது அந்த சாரின் வீட்டுக்கு மேலே மாடித் தளம் போடும் நாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்ற நாளில் சித்தாள் ஒருத்தி வராவிட்டால் திட்டோடு போய்விடும். தளம் போடும் நாளில் வராவிட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். காலையில் பூசை போட்டு முதல் சட்டிக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டால், கடைசி மூலை மூடும்வரை கை நிற்கக் கூடாது. பாதியில் நிறுத்திப் பிறகு போட்டால் பழசும் புதுசும் ஒட்டாது, மழைக்கு அந்த இடத்தில் ஒழுகும். எங்கள் மேஸ்திரி இந்த விஷயத்தில் சாமி வந்தவர் மாதிரி. ஒருமுறை அவருடைய சொந்த மச்சான் வந்து நின்றபோதுகூட, "தளம் ஓடுது, அங்கிட்டுப் போய் ஒக்காரு" என்று சொன்னவர்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். காலையில் அவர் போனை என் மகளிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"ஏத்தா, நல்லாருக்கே கத! ஜல்லி லாரி, சிமெண்டு, செண்ட்ரிங்காரன், அம்புட்டுப் பேரும் எந் நம்பருலதான் கூப்புடுவாங்ய. போன எப்பிடிக் குடுக்குறது?"

"அப்ப எம் மக படிப்பு?"

"ஒம் மகள அங்கிட்டு மையத்துல ஒக்காரச் சொல்லு. மெசேஜ் வந்தா மேலருந்து சொல்றேன். ஆனா ஒண்ணு, வரிசைய நிறுத்த மாட்டேன், ஆமா" என்றார்.

காலையில் மகளை அனுப்புவதற்காகப் பையில் காகிதங்களைச் சரிபார்த்தேன். உதவித்தொகை மனுவுக்காகக் கல்லூரியில் படிப்புச் சான்று வாங்கி வா, வாங்கி வா என்று ஒரு வாரமாகச் சொல்லியும் நாளைக்கு, நாளைக்கு என்று அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை வாங்கி வைத்திருக்கிறாளா என்று தேடும்போது அவளுடைய கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தின் நகல் கையில் வந்தது. சும்மா இருப்பேனா, படித்தேன். தந்தையின் தொழில், ஓட்டுநர். தாயின் தொழில், இல்லத்தரசி.

நான் அதை இரண்டு முறை படித்தேன். எந்த இல்லத்துக்கு நான் அரசி? பதினெட்டு வருஷத்தில் எத்தனை இல்லத்துக்குச் சட்டி தூக்கியிருக்கிறேன், ஒன்றில்கூடச் சாவி என் கையில் இல்லையே. கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது, அதை அந்த நேரத்தில் அனுமதிக்க முடியாது. மகள் தலை வாரிக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது?" என்றேன்.

காகிதத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "எல்லாரும் அப்பிடித்தாம்மா போட்டாங்க" என்றாள்.

"சான்று எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லணும் அங்க?"

"அம்மாவோட வாரிய அட்டைக்குன்னு சொல்லணும்."

அதனால்தான் ஒரு வாரமாக இழுத்தாளா என்று புரிந்தது. சிவில் படிக்கிறாள், கான்கிரீட்டில் எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு ஜல்லி என்று பரீட்சை எழுதுகிறாள். அதைத் தலையில் சுமக்கிறவள் அம்மா என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. "சாயங்காலம் வந்து ஒன்ன வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மஞ்சப்பையை அவள் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினேன்.

எட்டரைக்கு முதல் சட்டி விழுந்தது. மிக்சர் மெஷினிலிருந்து சாய்வுப் பலகை வழியாக மேலே மாடி வரைக்கும் எங்கள் வரிசை. கீழே நான், எனக்கு மேலே அந்த அக்கா, அவளுக்கு மேலே இன்னும் ஆறேழு பேர், உச்சியில் மேஸ்திரி. சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும், காலிச் சட்டி பறந்து கீழே வரும். மெஷின் சத்தம், மேலே கான்கிரீட்டைக் குத்துகிற வைப்ரேட்டர் சத்தம், நடுவில் யாராவது பாட்டு. தளம் போடும் நாள் எனக்குப் பிடித்த நாள், உடம்பு செத்துப்போகும் என்றாலும். அன்று மட்டும் எனக்கு எதுவுமே ரசிக்கவில்லை. போனை ஒரு பாலிதீன் கவரில் சுற்றி, முந்தானையில் முடிந்து தோளில் போட்டிருந்தேன்.

பத்து மணிவாக்கில் மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன், கை காலியாக இருந்தால்தானே காதில் வைக்க.

"அம்மா, எங்க மொற வந்திருச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. எங்க காலேஜ் பிள்ளைங்க ரெண்டு பேரு இங்க நிக்கிதுக" என்றாள் குசுகுசுவென்று.

"மெதுவாப் பேசுனா எனக்கே கேக்காதுடி, மெஷினு ஓடுது!"

"ஓ.டி.பி. அனுப்பியாச்சாம்."

மேலே பார்த்துக் கத்தினேன், "மேஸ்திரியண்ணே, மெசேஜு!" அவருக்குக் கேட்கவில்லை. அக்கா கத்தினாள், அவளுக்கு மேலே இருந்தவன் கத்தினான், அப்படியே சேதி சட்டியோடு சட்டியாக ஏறிப் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு பீமை மூடிக்கொண்டிருந்தார். "இந்தா முடிச்சிட்டு" என்று பதில் இறங்கி வந்தது. முடித்துவிட்டு, கையைத் துடைத்து, பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடி மாட்டி, ஆறு எண்ணையும் அவர் கத்த, ஒவ்வொரு ஆளாக அது கீழே வர, நான் போனில் சொன்னேன்.

"நேரம் முடிஞ்சு போச்சாம்மா" என்றாள் மகள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சட்டியை அக்கா காலில் போடப் பார்த்தேன். இரண்டாவது முறை அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை மேஸ்திரி போனைக் கையிலேயே வைத்திருந்தார், ஆனால் வைப்ரேட்டர் சத்தத்தில் அவர் கத்தியது நாலாவது ஆளுக்கே எட்டவில்லை. நேரம் மறுபடியும் போய்விட்டது. தம்பி ஏதோ சொல்வது போனில் கேட்டது. "இன்னும் ஒரு தடவதான் பாப்பாராம்மா. நெறயப் பேரு நிக்கிறாங்க. அடுத்து மத்தியானத்துக்கு மேல வரச் சொல்றாரு. சர்வர் அதுவரைக்கும் இருக்குமான்னு தெரியலையாம்."

நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். வரிசையில் யாரும் அப்படிச் செய்யக் கூடாது, எனக்கும் தெரியும். வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. "எம் பிள்ள படிப்பு போகுதுண்ணே" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மேஸ்திரி மேலே இருந்து எட்டிப் பார்த்தார். வெயிலில் முகம் சுருங்கியிருந்தது. பிறகு கையைத் தூக்கினார்.

"சட்டிய நிறுத்துங்கப்பா! வைப்ரேட்டர ஆப் பண்ணு. மெஷின அணை!"

எங்களுக்கு எங்கள் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதில்லை. வீட்டுக்கார சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மெஷின் இருமி இருமி நின்றது. எங்கோ ஒரு மயில் கத்துவது அப்போதுதான் கேட்டது.

"ஏய், அனுப்பச் சொல்லுடி" என்றேன்.

போன் மேலே சிணுங்கியது. மேஸ்திரி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், அளவு டேப்பைப் படிப்பது போல நிதானமாக. யாரும் வாங்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அங்கிருந்தே எனக்குக் கேட்டது. நான் சொல்ல, மகள் சொல்ல, தம்பி தட்டினான்.

"ஓப்பன் ஆயிருச்சு" என்றது அவன் குரல். வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். "இருங்கப்பா" என்று மேஸ்திரி அதட்டினார், இன்னும் முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மையத்துத் தம்பி விவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு. பிறகு கேட்டான், "அம்மா என்ன வேலம்மா பாக்குறாங்க?"

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் என்னோடு சேர்த்து மொத்த வரிசையும் நிற்கிறது. ஸ்பீக்கரை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கையெல்லாம் சிமெண்ட்.

"சித்தாளு" என்றாள், மெதுவாக.

"என்னம்மா? கேக்கல, பெயிண்டரா?"

"சித்தாளுண்ணே!" குரல் உடைந்து, பிறகு ஓங்கியது. "எங்கம்மா சித்தாளு. பதினெட்டு வருசமாச் சட்டி தூக்குறாங்க. இப்பக்கூட நார்த்தாமலைல தளம் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, அதான் வர முடியல. அவங்க கார்டுலதான் நான் சிவில் படிக்கிறேன். சித்தாளுன்னு போடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் தள்ளி வைத்த அழுகை, வட்டியோடு வந்தது. துடைக்கக் கை இல்லை, முழங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் சிமெண்ட் ஆனது. அக்கா பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "ஒம் மகளா ஆத்தா அது?" என்றாள், தெரியாதவள் போல. "ஆமா, எம் மகதான்" என்றேன். இதற்கு முன்பு எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான்.

"சப்மிட் ஆயிருச்சும்மா" என்று மகள் சொன்னதும் மேலே இருந்து மேஸ்திரி, "ஆச்சுல்ல? அப்பறம் என்ன வேடிக்க? மெஷினப் போடு, சட்டிய விடு!" என்று கத்தினார். அதுவரை நிறுத்தியதற்கும் சேர்த்து மூன்று பங்கு வேகத்தில் எங்களை விரட்டினார். சாயங்காலம் சார் வாங்கி வந்த பிரியாணியை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், அக்காவின் பொட்டலத்திலும் பாதி என்னுடையதுதான்.

வீட்டுக்குப் போனபோது மகள் வாசலிலேயே நின்றாள், அடி வாங்கத் தயாராக. நான் அடிக்கவில்லை. "சோறு வச்சியா?" என்றுதான் கேட்டேன். திங்கட்கிழமை அவளே கல்லூரியில் கேட்டுப் படிப்புச் சான்று வாங்கி வந்தாள். மேஸ்திரி ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் பதினாலு பேரையும் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், அவரவர் நம்பரைப் போட வைத்தார். பதிவு புதுப்பித்தாகிவிட்டது என்ற செய்தி என் போனுக்கே வந்தது. அதற்கப்புறம் படிப்பு உதவிக்கு மனுப் போட்டோம். தொகை என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது, தோடு காதிலேயே இருக்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் அடைமழை பிடித்துக்கொண்டது. மகள் தரையில் பெரிய தாளை விரித்து ஏதோ வீட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மேஸ்திரியிடமிருந்து போன். பின்னால் மழைச் சத்தம் வாரிக் கொட்டியது.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"சார் வீட்டுலதான். அன்னிக்கி நிறுத்துனோம்ல, அந்த எடத்தப் பாக்கலாம்னு வந்தேன்." மழையில் நனைந்துகொண்டு அத்தனை தூரம் வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். "ஒரு சொட்டு எறங்கலத்தா. தாயி, ஒரு சொட்டு எறங்கல."

போனை வைத்ததும் மகள் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் பென்சிலை நிறுத்தாமலே, "அஞ்சு நிமிசம் நின்னதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. மொதல்ல போட்டது இறுகுறதுக்கு முன்னாடி அடுத்தது விழுந்திருச்சுன்னா ஒட்டிக்கும்" என்றாள்.

"ஏன்டி, அத எங்கிட்டயே சொல்றியா?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "வேற யாருகிட்ட சொல்ல? எங்க கிளாஸ்ல சாருக்கே சந்தேகம் வந்தா ஒங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வான்னுதான் சொல்றாரு" என்றாள்.